‘ஒரு வருட வாரண்டி’: இயந்திரம் விற்கும் கடிதத்தில் இதை எப்படி எழுதுவது?

விலை உயர்ந்த இயந்திரம் விற்பவர்கள் புதிய வாடிக்கையாளருக்கு அனுப்பும் முதல் கடிதத்தில் வாரண்டிக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும். “ஒரு வருட வாரண்டியும் 24 மணி நேர சேவையும் உண்டு.” எழுதியவருக்குத் திருப்திதான். படிப்பவருக்கு இதிலிருந்து தெரிய வருவது எதுவும் இல்லை, ஏனென்றால் போட்டி நிறுவனத்தின் கடிதத்திலும் இதே வரி இருக்கிறது.

வாங்குகிறவர் மனதில் இருக்கும் கேள்வி வேறு. ராத்திரி ஷிஃப்டில் மிஷின் நின்றுவிட்டால் யார் வருவார், எப்போது வருவார், கையில் பார்ட் இருக்குமா, பில் யாருக்குப் போகும்? வாரண்டியும் சர்வீஸும் இந்தக் கேள்விக்கான பதில்தான். இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக, ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பதிலை எழுதிப் பார்ப்போம்.

உதாரணம் இதுதான். நீங்கள் 75 கிலோவாட் ஸ்க்ரூ ஏர் கம்ப்ரஸர் விற்கிறீர்கள். வாங்கக்கூடியவர் ஏர்-ஜெட் தறிகள் ஓட்டும் ஒரு நெசவாலை. அந்தத் தறிகளில் ஊடை நூலைத் தள்ளிக்கொண்டு போவதே காற்றுதான். கம்ப்ரஸர் நின்றால் தறிக்கூடம் முழுவதும் நிற்கும். ஆலை இரவு பகலாக ஓடுகிறது. உங்கள் நிறுவனத்தின் வாரண்டி நிபந்தனை, இயந்திரத் தொழிலில் பரவலாகக் காணப்படும் வகையைச் சேர்ந்தது: “கமிஷனிங் நாளிலிருந்து 12 மாதம், அல்லது அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், அல்லது 4000 மணி நேர ஓட்டம். இவற்றில் எது முந்துகிறதோ அது.”

முதலில் தேதியைப் பார்ப்போம். இரண்டு தேதிகள் ஏன் வந்தன? இயந்திரம் விற்பவரிடமிருந்து கிளம்பும் நாளும், அது ஆலையில் பொருத்தப்பட்டு ஓடத் தொடங்கும் நாளும் வேறு வேறு. கமிஷனிங்கிலிருந்து மட்டும் கணக்கிட்டால், வாங்கியவர் இரண்டு வருடம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து பிறகு வாரண்டி கேட்கலாம். விற்பவர் அதற்கு ஒரு வரம்பு போடுகிறார். அது நியாயம்தான். ஆனால் கட்டட வேலை தாமதமாகும் ஆலைக்கு இது என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 10 அன்று கம்ப்ரஸர் கிளம்புகிறது. கம்ப்ரஸர் அறை தயாராகவில்லை, மின் இணைப்பும் இழுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் செப்டம்பர் 10 அன்று ஓடத் தொடங்குகிறது. கமிஷனிங் கணக்கில் வாரண்டி அடுத்த செப்டம்பர் 10 வரை இருக்க வேண்டும். அனுப்பிய நாள் கணக்கில் அது அடுத்த ஜூலை 10 அன்றே முடிந்துவிடும். வாங்கியவர் கையில் 12 மாதம் என்று எழுதிய காகிதம் இருக்கிறது, கிடைத்ததோ 10 மாதம். அனுப்பியதற்கும் ஓட்டத் தொடங்கியதற்கும் நடுவே ஆறு மாதத்துக்கு மேல் போனால் எப்போதும் இப்படித்தான் ஆகும்.

இந்த ஆறு மாத எல்லையைக் கடிதத்திலேயே சொல்லிவிடலாம். “அறையும் மின்சாரமும் தயாரான பிறகு அனுப்பச் சொல்லுங்கள். முன்கூட்டியே வேண்டுமென்றால், நாங்கள் அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கமிஷன் செய்தால் முழு 12 மாதமும் உங்களுக்கு நிற்கும்.” இந்த இரண்டு வாக்கியங்களைப் படிக்கும் மெயின்டனன்ஸ் மேலாளர், உங்களுக்கு ஆலை வேலை தெரியும் என்று புரிந்துகொள்வார். பளபளப்பான கையேட்டால் கிடைக்காத மரியாதை அது.

அடுத்தது மணி நேரம். பெரும்பாலான தகராறு இங்கேதான் பிறக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே ஷிஃப்ட் ஓடும் பட்டறைக்கு 4000 மணி நேர வரம்பு இருப்பதே தெரியாது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் மாதத்துக்கு 208 மணி நேரம். வருடம் முழுக்க ஓடினாலும் 2496தான். 12 மாதம்தான் முதலில் முடியும். நம் நெசவாலையின் கதை வேறு. வாரத்துக்கு 168 மணி நேரமும் ஓடினால் 4000 மணி நேரம் 24 வாரத்துக்குள் தீர்ந்துவிடும். ‘ஒரு வருட வாரண்டி’ என்று எழுதிய அதே கடிதம் இந்த ஆலைக்கு ஐந்தரை மாத வாரண்டியைத்தான் தருகிறது. ஏழாவது மாதத்தில் பேரிங் போய், அவர்கள் உங்களைக் கூப்பிட்டு, நீங்கள் மீட்டரைக் காட்டி இல்லை என்று சொன்னால், சட்டப்படி நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த கம்ப்ரஸரை அவர்கள் உங்களிடம் வாங்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஸ்க்ரூ கம்ப்ரஸரின் கன்ட்ரோலர் திரையில் பொதுவாக இரண்டு மணிக்கணக்கு இருக்கும். ஒன்று மோட்டார் சுற்றிய மொத்த நேரம். மற்றொன்று லோடில், அதாவது உண்மையிலேயே காற்றை அழுத்திக் கொடுத்தபடி ஓடிய நேரம். காற்றுத் தேவை குறையும்போது மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும், காற்று போகாது. அது அன்லோடு. நம் ஆலையில் 100 மணி நேரத்தில் 70 மணி நேரம் லோடில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த நேரம் என்றால் வாரண்டி ஐந்தரை மாதத்தில் முடிகிறது. லோடு நேரம் என்றால், 4000 லோடு மணிக்கு மொத்த ஓட்டம் சுமார் 5700 மணி நேரம் வேண்டும். அதற்கு 34 வாரம், கிட்டத்தட்ட எட்டு மாதம் ஆகும். ஒப்பந்தத்தில் வெறுமனே ‘4000 மணி நேரம்’ என்று மட்டும் இருந்தால், அவரவர் தனக்குச் சாதகமான மீட்டரைத்தான் படிப்பார்கள். எந்த மீட்டர் என்று எழுதினால் போதும், ஒரு வருடப் பகையைத் தவிர்க்கலாம்.

ஆக, கடிதம் எழுதும் முன்பே அந்த ஆலை எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் கடிதத்தில் அதையே கேள்வியாக வைக்கலாம். மூன்று ஷிஃப்ட் என்றால் உங்கள் வரம்பு அவர்களுக்கு எத்தனை மாதம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொடுங்கள். அது குறைவாகத் தெரிந்தால், மணி நேர வரம்பைக் கூட்டிக் கொடுக்க என்ன விலை என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சரி, வாரண்டி காலத்துக்குள் ஒரு பழுது வருகிறது. யார் எதற்குப் பணம் கொடுப்பது? பார்ட் விலை, இன்ஜினியரின் வேலைக்கூலி, அவர் வந்து போகும் செலவு என்று மூன்று தனித்தனிச் செலவுகள் இருக்கின்றன. ‘வாரண்டி உண்டு’ என்றால் மூன்றும் இலவசம் என்று வாங்குபவர் நினைப்பார். விற்பவரின் நிபந்தனையில் பல சமயம் பார்ட் மட்டும்தான் இலவசமாக இருக்கும். காற்றை அழுத்தும் பாகமான ஏர் எண்ட் போன்ற கனமானதைத் தூக்க வேண்டி வந்தால் க்ரேன் யார் ஏற்பாடு செய்வது என்பது நான்காவது கேள்வி. இதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதே இல்லை, அந்த நாள் வரும்போது தொலைபேசியில் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

ஃபில்டர், ஆயில், பெல்ட் போன்றவை தேய்ந்து தீர்வதற்கென்றே உள்ளவை. அவை வாரண்டியில் வராது என்பது ஆலைக்காரர்களுக்கும் தெரியும். மோட்டார், டிரைவ் போன்றவற்றை நீங்கள் வேறு நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பொருத்தியிருந்தால், அந்த நிறுவனம் உங்களுக்குத் தரும் வாரண்டி எவ்வளவோ அவ்வளவுதான் நீங்களும் தர முடியும். அதையும் சொல்லிவிடுங்கள். ஆனால் “மோட்டார் பழுதா, அந்தக் கம்பெனிக்குப் போன் போடுங்கள்” என்று கை கழுவக் கூடாது. கூப்பிட வேண்டிய எண் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இனி எந்தச் சூழ்நிலையில் வாரண்டி செல்லாது என்பதற்கு வருவோம். சின்ன எழுத்தில் கடைசிப் பக்கத்தில் போடும் பகுதி இது. என் அபிப்பிராயம், இதைத்தான் முன்னால் கொண்டுவர வேண்டும். காரணத்தை நம் கம்ப்ரஸரிலேயே பார்க்கலாம். ஆயில் விட்டு ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரஸருக்குச் சூடு பெரிய எதிரி. அறையில் வெளியேற்றும் டக்ட் சரியாக இல்லையென்றால், கம்ப்ரஸர் கக்கும் சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். ஆயிலின் வெப்பம் ஏறும், ஆயில் சீக்கிரம் கெட்டு, உள்ளே பசைபோலப் படியும். பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் குறையும். கடைசியில் பேரிங் போகும், ஏர் எண்ட் போகும். இயந்திரத்திலேயே விலை அதிகமான பாகம் அதுதான். இன்ஜினியர் வந்து பார்க்கிறார். கன்ட்ரோலரின் பதிவில் அதிக வெப்பத்தால் இயந்திரம் தானாக நின்ற நிகழ்வுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஆபரேட்டர் ரீசெட் அழுத்தி மறுபடி ஓட்டியிருக்கிறார். வாரண்டி கோரிக்கை தள்ளுபடி. ஆலைக்காரர் கொதிக்கிறார்: “இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” சொல்லியிருந்தீர்கள், பதினான்காம் பக்கத்தில்.

இதையே வேறு மாதிரி எழுதலாம். “அறை வெப்பம் 45 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது, நாங்கள் சொல்லும் ஆயில், குறித்த மணி நேரத்தில் ஃபில்டர் மாற்றம். இந்த மூன்றும் இருந்தால் வாரண்டியில் தகராறு வராது. அறையின் காற்றோட்டத்தை அனுப்புவதற்கு முன் எங்கள் இன்ஜினியர் வந்து பார்த்து எழுத்தில் கொடுப்பார்.” நிபந்தனை அதேதான். முன்னே அது வாங்குபவரைப் பிடிக்க வைத்த கண்ணிபோல இருந்தது, இப்போது அவர் செய்து முடிக்கக்கூடிய வேலையாக மாறிவிட்டது. அந்த எழுத்து உங்களுக்கும் நல்லது. பின்னாளில் அறை சரியில்லை என்று நீங்கள் சொல்ல நேர்ந்தால், முதல் நாளிலேயே சொன்னதற்குச் சான்று இருக்கும்.

உற்பத்தி இழப்பு பற்றியும் மௌனமாக இருக்கக் கூடாது. இயந்திர வாரண்டிகள் பொதுவாகப் பழுதைச் சரிசெய்வதோடு நிற்கும். தறிகள் நின்றதால் போன துணிக்கு ஈடு தராது. நெசவாலைக்கு அதுதான் பெரிய இழப்பு என்பதால் கட்டாயம் கேட்பார்கள். “ஈடு தர இயலாது. இரண்டு நாளுக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் மாற்று கம்ப்ரஸர் வாடகைக்குத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு” என்று எழுதலாம். உங்களிடம் மாற்று கம்ப்ரஸர் உண்மையிலேயே இருந்தால் மட்டும்.

இந்த ‘இருந்தால் மட்டும்’ சேவை நேரத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ‘24 மணி நேர சேவை’ என்றால் எந்நேரமும் யாரோ போனை எடுப்பார் என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் இல்லை. போன் எடுப்பது, இன்ஜினியர் வந்து சேர்வது, பார்ட் வந்து சேர்வது, இயந்திரம் மறுபடி ஓடுவது எல்லாம் தனித்தனி நேரங்கள். ஆலைக்காரருக்கு வேண்டியது கடைசி நேரம். விற்பவர் பொதுவாக உறுதி தருவதோ முதல் இரண்டுக்கு.

என்ன எண்ணை எழுதலாம் என்பதற்கு சர்வீஸ் பிரிவின் பழைய புகார் ரிப்போர்ட்டுகளை எடுங்கள். புகார் வந்த நேரத்திலிருந்து இயந்திரம் ஓடிய நேரம் வரை எத்தனை மணி ஆனது என்று வரிசைப்படுத்துங்கள். பத்துப் புகார்களுக்கு இப்படி வந்தது என்று வைப்போம்: 5, 6, 6, 8, 9, 10, 12, 14, 30, 100. கூட்டினால் 200, சராசரி 20 மணி நேரம். விற்பனைப் பிரிவு உடனே ‘சராசரி 20 மணி நேரத்தில்’ என்று எழுதத் துடிக்கும். ஆனால் இந்தப் பத்தில் ஒன்றுகூட 20 மணியை ஒட்டி முடியவில்லை. எட்டு 14 மணிக்குள் முடிந்திருக்கின்றன, இரண்டு வெகுவாக இழுத்திருக்கின்றன. ஏன் இழுத்தன என்று ரிப்போர்ட்டைப் புரட்டினால், அந்த இரண்டிலும் பார்ட் கையிருப்பில் இல்லை என்று இருக்கும். அப்படியானால் உண்மையான வாக்கியம் இது: “பார்ட் எங்கள் கிடங்கில் இருந்தால் 14 மணி நேரத்துக்குள் ஓட வைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் நான்கு நாளுக்கு மேல்கூட ஆகியிருக்கிறது. கிடங்கில் எப்போதும் வைத்திருக்கும் பார்ட்டுகளின் பட்டியலை இணைத்திருக்கிறோம். அதில் இல்லாத இரண்டு பார்ட்டுகளை நீங்களே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.”

இப்படி எழுதினால் வாடிக்கையாளர் பயந்துவிடுவாரே என்று மேலாளர் சொல்வார். நான்கு நாள் என்பதை ஆலைக்காரர் ஏற்கெனவே வேறு இயந்திரத்தில் அனுபவித்திருப்பார். எந்தப் பார்ட்டுக்கு என்று முன்னரே சொன்னவரை அநேகமாகச் சந்தித்திருக்க மாட்டார்.

கடிதத்தில் எழுதுவது வெறும் விளம்பரம்தானே, ஒப்பந்தம் வேறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. அமெரிக்காவின் ஒருசீர் வணிகச் சட்டத் தொகுப்பில் 2-313 என்ற பிரிவு இருக்கிறது. விற்பவர் பொருளைப் பற்றிச் சொன்ன உறுதியான தகவலோ வாக்குறுதியோ பேரத்தின் அடிப்படையில் இடம்பெற்றுவிட்டால், அதுவே வெளிப்படையான வாரண்டி ஆகும் என்கிறது அது. ‘வாரண்டி’ என்ற சொல்லே அதில் இருக்க வேண்டியதில்லை. பொருளின் மதிப்பைப் பற்றிய புகழ்ச்சியோ சொந்தக் கருத்தோ மட்டும் வாரண்டி ஆகாது. ‘அருமையான சேவை’ என்று எழுதினால் புகழ்ச்சி. ‘நிமிடத்துக்கு இத்தனை கன மீட்டர் காற்று தரும்’ என்று எழுதினால் அது உங்களைக் கட்டிப்போடக்கூடும். மற்ற நாடுகளின் சட்டம் வேறுபடும், ஆனாலும் எண் போட்டு எழுதிய ஒவ்வொரு வரியையும் சர்வீஸ் தலைவர் ஒருமுறை படித்து ஒப்புக்கொண்ட பிறகு அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம், இவ்வளவையும் முதல் கடிதத்தில் கொட்டக் கூடாது. முதல் கடிதத்தில் வாரண்டிக்கு ஏழெட்டு சின்ன வாக்கியங்கள் போதும். நம் நெசவாலைக்கு அது இப்படி இருக்கலாம்:

“உங்கள் ஆலை மூன்று ஷிஃப்டும் ஓடுகிறது என்று அறிகிறோம். எங்கள் வாரண்டி 12 மாதம் அல்லது 4000 லோடு மணி நேரம், எது முந்துகிறதோ அது. உங்கள் ஓட்டத்துக்கு இது சுமார் எட்டு மாதம் வரும். 12 மாதமும் வேண்டுமென்றால் 6500 லோடு மணி நேரத்துக்கு நீட்டித்துத் தர முடியும். வாரண்டி காலத்தில் பார்ட், கூலி, பயணம் மூன்றும் எங்கள் செலவு. ஃபில்டரும் ஆயிலும் உங்களுடையவை. பார்ட் கையிருப்பில் இருக்கும் பழுதுகளை 14 மணி நேரத்துக்குள் சரிசெய்து வருகிறோம். நிபந்தனைகள் முழுவதையும் நீங்கள் கேட்டதும் அனுப்புகிறோம்.”

6500 என்ற எண் எங்கிருந்து வந்தது? வருடத்துக்கு 8760 மணி நேரம், அதில் நூற்றுக்கு 70 லோடு என்றால் 6132. கொஞ்சம் இடம் விட்டு 6500. பதில் வந்த பிறகு ஒரு பக்கத்தில் விவரம், கொட்டேஷனோடு முழு நிபந்தனை என்று படிப்படியாகப் போகலாம். அந்த முழு நிபந்தனையில் மாற்றிய பார்ட்டுக்கு எவ்வளவு வாரண்டி என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும். பழைய வாரண்டியில் மீதமுள்ள காலம் மட்டும்தானா, அல்லது குறைந்தது 90 நாளா? வாரண்டி முடியும் தறுவாயில் மாற்றிய பார்ட் அடுத்த வாரமே போகும்போது இந்த ஒரு வரி தேவைப்படும்.

கடைசியாக ஒன்று. “அந்தக் கம்பெனி ஏர் எண்டுக்கு ஐந்து வருட வாரண்டி தருகிறதே, நீங்கள்?” என்று பதில் வரலாம். போட்டியாளரைக் குறை சொல்லிப் பதில் எழுதாதீர்கள். இத்தகைய நீண்ட வாரண்டிகள் பெரும்பாலும் ஆயில், ஃபில்டர், சர்வீஸ் எல்லாவற்றையும் ஐந்து வருடமும் அவர்களிடமே குறித்த நேரத்தில் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும். பல சமயம் மோட்டாரும் டிரைவும் அதில் அடங்குவதில்லை, ஏர் எண்ட் மட்டும்தான். அதனால் இரு தரப்புக்கும் ஒரே கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: இயந்திர விலை, ஐந்து வருட ஆயில் ஃபில்டர் செலவு, சர்வீஸ் வருகைக் கட்டணம், இவற்றோடு ஒருமுறை ஏர் எண்ட் போனால் ஆகும் செலவு. உங்கள் பக்கத்து எண்களை அட்டவணையில் நிரப்பி, மற்றொரு பத்தியைக் காலியாக விட்டு அனுப்புங்கள். அந்தப் பத்தியை நிரப்ப அவர் அங்கே போன் போடுவார். கணக்கில் அவர்கள் மலிவாக வந்தால், எந்த வரியில் மலிவு என்று உங்களுக்கும் தெரிந்துவிடும், உங்கள் விலையில் எதைக் குறைக்கலாம் என்று அப்போது யோசிக்கலாம்.